கோஸ்ட் டச்சா, செத்த டச்சா, கேம் பக்கா? சோதனைகளை அருகருகே வைத்து ஒரு அலசல்

தம்பியின் போனில் ஒரு ஷூட்டிங் கேம். சுடும் பொத்தானைப் பத்து முறை தட்டினால் இரண்டு மூன்று முறை தோட்டா கிளம்பாது. "அப்டேட் வந்ததுல இருந்துதான் இப்படி. கேம்லதான் பக்" என்றான். எனக்கோ டிஸ்ப்ளே மேல் சந்தேகம். போனின் டெஸ்ட் மெனுவைத் திறந்து திரை முழுக்க விரலால் தேய்த்தேன். எல்லாக் கட்டங்களும் பச்சையாகிவிட்டன. "பாத்தியா?" என்றான். கேமை அழித்துவிட்டு மறுபடி இறக்கினோம். அதே கதைதான்.

இரண்டு நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. குற்றவாளி கண்ணாடிதான், டெஸ்ட் மெனு எங்களை ஏமாற்றிவிட்டது. எந்தச் சோதனையை எதற்கு நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எழுதி வைக்கத் தோன்றியதற்கு அதுதான் காரணம்.

முதலில் ஆட்களைப் பிரித்துவிடலாம். விரல் வைத்தும் திரை உணராவிட்டால் செத்த பகுதி. விரல் வைக்காமலே திரை உணர்ந்தால் கோஸ்ட் டச். திரை சரியாக உணர்ந்து சொல்லியும் கேம் அதைத் தவறவிட்டால், அல்லது விரல் எடுத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால், கேம் பக். ஆடுபவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். கட்டைவிரலை எடுத்த பிறகும் ஆள் ஓடிக்கொண்டே இருந்தால் பலரும் உடனே கோஸ்ட் டச் என்பார்கள். நடுவில் ஒரு நோட்டிபிகேஷன் குறுக்கிட்டு, விரல் எடுத்த செய்தியைக் கேம் சரியாகக் கவனிக்காமல் போனாலும் அதேதான் நடக்கும். அதனால் கேமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்று வேடிக்கை பார்க்கும் ஒரு சாட்சி வேண்டும்.

டெஸ்ட் மெனுவும் படம் வரையும் ஆப்பும்

சாம்சங் போன்களில் டயல் பேடில் `*#0*#` அடித்தால் டெஸ்ட் மெனு வரும். வேறு பல நிறுவனங்களும் தங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கின்றன. திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, விரல் பட்ட கட்டத்தை நிறம் மாற்றிக் காட்டும். பெரிய பகுதி மொத்தமாகச் செத்திருந்தால் இது போதும், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்களை ஏமாற்றியது எப்படி என்றால், டச் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத கம்பிக்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர். விரல் நுனி அதைவிட அகலம். ஒரே ஒரு கோடு செத்துப்போனால், அதன் மேல் வைத்த விரலைப் பக்கத்துக் கோடுகள் ஓரளவு உணர்ந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் கட்டம் பச்சையாகிவிடுகிறது. கேமில் அப்படி யாரும் தேய்ப்பதில்லை, கட்டைவிரல் நுனியால் சட்டென்று தட்டுகிறோம். அந்தத் தட்டல்தான் சில நேரம் தொலைந்துபோகிறது. "சில நேரம் வேலை செய்கிறது, அப்படியானால் திரை நன்றாக இருக்கிறது" என்ற முடிவு பிறப்பது இங்கேதான்.

படம் வரையும் ஆப் இதற்கு ஒரு படி மேல். கோடு அறுந்தாலோ, ஓரிடத்தில் வளைந்து குதித்தாலோ கண்ணில் படும். ஆனால் நேர்க்கோடு போடாதீர்கள். செத்த கோட்டுக்கு இணையாக, அதைத் தொடாமலே போய்விடலாம். மூலைக்கு மூலை சாய்வாக, ஆள்காட்டி விரல் நுனியால், மெதுவாக இழுக்க வேண்டும். சாய்கோடு எல்லாக் கோடுகளையும் கடந்தே ஆக வேண்டும், தப்ப வழியில்லை.

இரண்டுக்கும் பொதுவான குறை, சோதிக்கும் சூழல். போன் சூடாகி, சார்ஜர் செருகி, இரண்டு கட்டைவிரல்களும் வியர்வையோடு திரையில் இருக்கும்போது வரும் கோளாறை, ஆறிய போனில் ஒற்றை விரலால் தேடினால் கிடைக்காது.

Pointer location: என் ஓட்டு இதற்குத்தான்

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் `Build number` மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் `Pointer location` என்ற சுவிட்ச் இருக்கிறது. போட்டதும் திரையின் மேல் ஓரத்தில் ஒரு பட்டை வரும். `P:` என்பதற்கு அருகில் இருக்கும் இரண்டு எண்களில் முதலாவது, இந்த நொடியில் எத்தனை விரல் திரையில் இருப்பதாக போன் நினைக்கிறது என்பது. `X`, `Y` இரண்டும் இடம். விரல் போன பாதை கோடாகவும் தெரியும்.

இதன் பலமே, கேமுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு கேம் ஓடும்போதே காட்டுவதுதான். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கையும் போட்டுவிட்டு ஆடினால், விரல் பட்டதும் கேம் செய்ததும் ஒரே வீடியோவில் கிடைக்கும். பிறகு மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். தட்டிய இடத்தில் தடம் விழுந்தும் தோட்டா கிளம்பவில்லை என்றால் டிஸ்ப்ளேயைக் குறை சொல்ல வேண்டாம். தட்டியும் தடமே இல்லை என்றால் கேமைத் திட்டுவதில் பயனில்லை. ஆள் தானாக ஓடும்போது `P:` பக்கத்தில் 0 இருந்தால் அது கேமின் பிடிவாதம். விரலே இல்லாமல் 1 என்று காட்டினால் கோஸ்ட் டச்.

தம்பியின் போனில் இதைப் போட்டுச் சாய்கோடு இழுத்தேன். திரை 2400க்கு 1080 பிக்சல். படுக்கைவாக்கில் பிடித்திருந்தபோது `X` 1890க்கும் 1970க்கும் இடையில் கோடு தடுமாறியது. ஒரு சமயம் அறுந்தது, ஒரு சமயம் பக்கவாட்டில் குதித்தது. மேலே இழுத்தாலும் கீழே இழுத்தாலும் அதே `X`. ஆக, திரையின் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை. 80 பிக்சல் என்றால் அந்தத் திரையில் சுமார் 5 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு கம்பிக்கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. சுடும் பொத்தான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

இந்த வடிவமே பாதி தீர்ப்பு. கண்ணாடியின் கோளாறு ஓரத்திலிருந்து ஓரம் வரை பட்டையாக வர விரும்பும். கேமின் கோளாறு பொத்தான் வடிவில், பெட்டி வடிவில் வரும். மெனு மூடிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி மேலே கிடந்து தட்டல்களை விழுங்குவது கேம்களில் அடிக்கடி நடப்பதுதான். அப்போது `Pointer location` தடத்தை அழகாகக் காட்டும், கேம் மட்டும் அசையாது.

தலைகீழாகத் திருப்புவதும் பொத்தானை நகர்த்துவதும்

எந்த ஆப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு, ஐபோன்காரர்களுக்கும், இதுதான் சரியான வழி. அங்கே `Pointer location` போல உள்ளேயே ஒன்று கிடையாது. போனை 180 டிகிரி திருப்பிப் பிடியுங்கள். கேமின் படம் திரும்பிவிடும், கண்ணாடி திரும்பாது. கோளாறு வலது கட்டைவிரலிலிருந்து இடது கட்டைவிரலுக்குப் போய்விட்டால் கண்ணாடி. அதே பொத்தானோடு ஒட்டிக்கொண்டு வந்தால் கேம். தம்பியின் போனில் திருப்பியதும் பட்டை 430க்கும் 510க்கும் இடையில் வந்து நின்றது. 2400இலிருந்து பழைய எண்களைக் கழித்தால் வருவது அதுதான்.

கேமில் பொத்தான்களை இடம் மாற்றும் வசதி இருந்தால் இன்னும் சுலபம். சுடும் பொத்தானை ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, குதிக்கும் பொத்தானைப் பழைய இடத்தில் வையுங்கள். இப்போது குதிப்பது தடுமாறினால் கண்ணாடி, சுடுவதே இன்னும் தடுமாறினால் கேம். ஒவ்வொன்றையும் முப்பது முறையாவது தட்ட வேண்டும். ஐந்தாறு தட்டலில் அவ்வப்போது வரும் கோளாறு அகப்படாது. இந்த முறையால் கோஸ்ட் டச்சைப் பிடிக்க முடியாது என்பதுதான் குறை.

கணினியில் செருகி `getevent`

யுஎஸ்பி டீபக்கிங் தெரிந்தவர்களுக்கு இது:

```
adb shell getevent -lt
```

விரல் பட்டதும் `ABS_MT_TRACKING_ID` வரியில் புது எண் வரும், எடுத்ததும் `ffffffff`. ஒரே ஒரு சூழலில்தான் இதன் தேவை. `Pointer location` தடம் காட்டவில்லை, இங்கே மட்டும் வரிகள் ஓடுகின்றன என்றால், கண்ணாடி உணர்ந்ததை நடுவில் மென்பொருள் வடிகட்டிவிட்டது. ஓரங்களில் உள்ளங்கை பட்டால் கண்டுகொள்ளாமல் விடும் வசதி அப்படிச் செய்யும். டச் சிப்புக்குள்ளேயே வடிகட்டினால் இதிலும் தெரியாது. மற்றபடி, கேபிள் செருகுவதே கோஸ்ட் டச் சோதனையைக் கெடுத்துவிடக்கூடும்.

ஏன் என்றால், சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் கோஸ்ட் டச்சின் பழைய கூட்டாளி. விரல் வைத்திருக்கும் கோட்டிலேயே வேறு இடங்களில் பொய்த் தொடுதல்கள் முளைத்தால் முதல் சந்தேகம் அதன் மேல். கேபிளைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் ஆடுங்கள். நின்றுவிட்டால் அடாப்டரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள், டிஸ்ப்ளேக்குச் செலவு செய்ய வேண்டாம். நிற்கவில்லை என்றால் திரையை உலரத் துடைத்து, மேலே ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். அதற்கும் நிற்காமல், டிஸ்ப்ளே விளிம்பு லேசாகத் தூக்கினாற்போல் தெரிந்தால் பேட்டரி உப்பிப் பின்னாலிருந்து தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது சோதனையை நிறுத்திவிட்டு, சார்ஜ் போடாமல் போனைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்த எல்லாச் சோதனைகளையும் குழப்பும் ஒரு நாலாவது ஆள் உண்டு. மூன்று விரலால் இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது. மூன்றாவது விரல் வைத்ததும் போன் மொத்தத் தொடுதலையும் தனக்கு எடுத்துக்கொண்டு, கேமுக்கு ரத்து என்று சொல்லிவிடும். தடம் ஒழுங்காக விழும், கேம் கைவிடும், பார்த்தால் அச்சு அசல் கேம் பக். அதனால் கேமின் மேல் புகார் எழுதும் முன் அந்தச் சைகையை அணைத்துவிட்டு ஒருமுறை ஆடிவிடுங்கள்.

தம்பி சுடும் பொத்தானை நகர்த்திவிட்டு இப்போதைக்கு ஆடிக்கொண்டிருக்கிறான். போனை நேராகப் பிடித்தால் அந்தப் பட்டை கீபோர்டின் குறுக்கே விழுகிறது. "மெசேஜ்ல நடு வரிசை எழுத்து மட்டும் விட்டுப்போகுது, ஆட்டோகரெக்ட்தான் காரணம்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவனும் அவன்தான்.