தர்மபுரியில் போன் வாங்குபவர்களுக்கு: கையில் இருப்பது பில்லா, எஸ்டிமேட்டா என்று பாருங்கள்

புது போனுக்கு ஒரு வருட வாரண்டி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த வருடம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கடையில் யாரும் சொல்வதில்லை. எங்கள் மாமா (அக்கா வீட்டுக்காரர்) வாங்கிய போனுக்கு வாரண்டி, அவர் கைக்கு வருவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே ஓட ஆரம்பித்திருந்தது. அது தெரிய வந்ததே போன் பழுதான பிறகுதான். இதே ஊரில் இன்னும் நாலு பேருக்கு இப்படி நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

மாமா பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்கிறார். காலையில் மண்டியில் விலை கேட்பது, லோடு அனுப்புவது, பணம் வாங்குவது எல்லாமே போனில்தான். 2024 தீபாவளிக்கு முன்னால், அக்டோபர் 25 அன்று, தர்மபுரியில் ஒரு பெரிய மொபைல் கடையில் 18,500 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். கடைப் பையன் கவுண்டருக்குள்ளேயே டப்பாவைத் திறந்து, மொழி, தேதி எல்லாம் செட் செய்து, கண்ணாடி ஒட்டி, கவர் போட்டுக் கொடுத்தான். மாமா பில் கேட்டார். கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடைப் பெயர், போன் மாடல், விலை எல்லாம் அச்சாக இருந்தன. மேலே சின்ன எழுத்தில் ‘எஸ்டிமேட்’ என்றும் இருந்தது.

2025 ஆகஸ்ட் கடைசியில் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. போன் கீழே விழவில்லை, நனையவில்லை. அமோலெட் திரை உள்ள போன்களில் இந்தக் கோட்டுப் பிரச்சினை பரவலாக வருவதுதான். பாலக்கோட்டில் தெரிந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, “பின்பக்கம் திறந்து ஸ்ட்ரிப்பை அழுத்தி விட்டால் சரியாகிடும், குடுங்கண்ணா” என்றார். மாமா கொடுக்கவில்லை. அங்கே மட்டும் திறந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. உள்ளே ஸ்க்ரூவின் மேல் ஒரு சீல் ஒட்டியிருக்கும், பின்மூடியைக் கம்பெனிப் பசையால் ஒட்டியிருப்பார்கள். சீல் கிழிந்திருந்தாலோ வேறு பசை தெரிந்தாலோ சர்வீஸ் சென்டரில் அதற்கு மேல் பேச்சே கிடையாது, வாரண்டி போனதுதான்.

சர்வீஸ் சென்டரும் தர்மபுரியிலேயே இருந்தது. நானும் உடன் போனேன். அங்கிருந்த தம்பி முதலில் சிம் ட்ரேயை வெளியே இழுத்து, டார்ச் அடித்து அந்த ஓட்டைக்குள் பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகிவிடும். மழையில் நனைந்ததா, பாத்ரூமில் விழுந்ததா என்று உங்களிடம் கேட்க மாட்டார்கள், அதைத்தான் பார்ப்பார்கள். தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்யும் போன்களுக்கும் தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. எங்களுடையது வெள்ளையாகவே இருந்தது. கொடுப்பதற்கு முன்பே அதை நான் இன்னொரு போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள், ஒரு நிமிட வேலை.

அடுத்து மூலையில் ஒரு சின்னத் தேய்மானத்தைக் காட்டி, “பிசிகல் டேமேஜ் மாதிரி இருக்கு சார்” என்று இழுத்தார். கண்ணாடியில் விரிசல் இல்லை, ஃப்ரேம் வளையவில்லை. அப்படி என்றால் அதையே காரணமாக ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதச் சொன்னதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது. வாயால் சொல்லும் பாதிக் காரணங்கள் பேனா எடுத்தால் நிற்காது.

பிறகு ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டார். “வாரண்டி ஆகஸ்ட் 1-ஆம் தேதியே முடிஞ்சிருச்சே” என்றார். நாங்கள் வாங்கிய கணக்குப்படி அக்டோபர் 24 வரை இருக்க வேண்டும். அவரே திரையைத் திருப்பிக் காட்டினார். போன் ஆக்டிவேட் ஆன தேதி 2024 ஆகஸ்ட் 2.

விஷயம் இதுதான். புது போனை முதல்முறையாக ஆன் செய்து நெட் இணைத்ததும் கம்பெனி சர்வரில் அது பதிவாகிவிடும், பல கம்பெனிகளின் கணக்கில் வாரண்டி அன்றே தொடங்கும். மாதக் கடைசியில் இத்தனை செட் விற்றால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று கடைகளுக்கு டார்கெட் உண்டு. அதை எட்ட, விற்காத செட்டுகளையும் சில கடைகள் ஆன் செய்து ‘விற்றதாக’ காட்டிவிட்டு, திரும்ப ரீசெட் செய்து டப்பாவில் வைத்துவிடுகின்றன. டிஸ்பிளேவுக்கு வைத்திருந்த செட்டாகவும் இருக்கலாம், யாரோ திருப்பிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் வாங்குபவருக்குத் தெரியாது. கடைப் பையன் தானே டப்பாவைப் பிரித்து செட் செய்து கொடுத்தது உபசரிப்பு என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

சரி, இதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. வாங்கிய தேதியும் ஐஎம்இஐ எண்ணும் உள்ள ஜிஎஸ்டி பில் இருந்தால், அதை கம்பெனிக்கு அனுப்பித் தேதியை மாற்றிக் கேட்கலாம் என்று சர்வீஸ் சென்டரிலேயே சொன்னார்கள். நாங்கள் நீட்டிய தாளில் ஜிஎஸ்டி எண் இல்லை, ஐஎம்இஐ இல்லை, பில் நம்பரும் இல்லை. எஸ்டிமேட் என்பது விலை இவ்வளவு ஆகும் என்று எழுதிய சீட்டு. வாங்கியதற்கு ஆதாரமாக அதை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வாரண்டி இல்லை என்று சொன்னாலும் வெறுங்கையோடு வராதீர்கள். அன்றைய தேதியோடு, என்ன கோளாறு, ஏன் மறுத்தார்கள் என்று எழுதிய ஜாப் ஷீட் வாங்குங்கள். பில் தேதிப்படி வாரண்டி இருந்த காலத்திலேயே கோளாறைச் சொல்லிவிட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. பின்னால் இழுத்தடித்து அக்டோபர் தாண்டியிருந்தாலும் அந்தத் தாள் எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனோம். தீபாவளிக்கு வாசல் வரை வந்து கும்பிட்டு அழைத்த முதலாளி, இப்போது கல்லாவை விட்டு எழவில்லை. “ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சென்ட் தனியா ஆகும்ணா” என்றார். 18,500-க்கு 3,330 ரூபாய். இது அப்பட்டமான ஏமாற்று. டப்பாவில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச விலையிலேயே எல்லா வரியும் அடக்கம். அந்த விலைக்குள் மாமா கொடுத்த 18,500-க்குள்ளேயே வரி மட்டும் 2,822 ரூபாய் வருகிறது. பில் போடவில்லை என்றால் அந்தப் பணம் எங்கே போனது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய்க்குக் குறைவான சில்லறை வியாபாரத்துக்குத்தான், வாங்குபவர் கேட்காவிட்டால் தனி பில் தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதி விலக்கு தருகிறது. பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கையும்கூட.

கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு ஒரு பில் வந்தது. தேதி சரி, தொகை சரி. வெளியே டீக்கடையில் உட்கார்ந்து எண்ணை ஒப்பிட்டால் ஐஎம்இஐ வேறு ஏதோ ஒரு போனுடையது. இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் இருக்கும், அதில் இரண்டாவதைப் போட்டிருப்பார்களோ என்றும் பார்த்தேன். அதுவும் இல்லை. போனில் `*#06#` அழுத்தினால் 15 இலக்க எண்கள் திரையில் வரும். டப்பாவின் லேபிள், போன், பில் மூன்றிலும் அவை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் அந்த பில் உங்கள் போனுக்கு உரியதல்ல. திரும்பப் போய்க் கேட்டதற்கு, “சிஸ்டத்துல அப்படித்தான் வருது, நாளைக்கு வாங்க” என்றார்கள். அடுத்த நாளும் அதே பதில்தான்.

அப்புறம் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்தேன். தமிழிலேயே பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம், நான் ஜாப் ஷீட், எஸ்டிமேட், தவறான பில், ஐஎம்இஐ தெரியும் டப்பா லேபிள் ஆகியவற்றின் படங்களை அதில் ஏற்றினேன். அவர்கள் தீர்ப்பு சொல்பவர்கள் இல்லை, புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் கம்பெனி கடைக்குப் பேசியதும் ‘சிஸ்டம்’ தானாகச் சரியாகிவிட்டது. சரியான எண்ணோடு பில் வந்தது, கம்பெனி வாரண்டித் தேதியை மாற்றியது, திரையை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அதுவரை மாமா ஒரு பட்டன் போனை வைத்துக்கொண்டு, வந்த பணத்தையெல்லாம் அக்காவின் எண்ணுக்குப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அலைச்சலுக்கு யாரும் நஷ்டஈடு தரவில்லை.

இனி நாங்கள் யார் போன் வாங்கப் போனாலும் ஒரு வேலை செய்கிறோம். பணம் கொடுப்பதற்கு முன்பு, டப்பா லேபிளில் உள்ள ஐஎம்இஐ எண்ணை அந்த கம்பெனியின் தளத்தில் வாரண்டி பார்க்கும் பக்கத்தில் போடுகிறோம். புது செட்டாக இருந்தால் இன்னும் ஆக்டிவேட் ஆகவில்லை என்றோ, தகவல் இல்லை என்றோ வரும். முடியும் தேதி ஏற்கெனவே வந்தால் வேறு செட் கேளுங்கள். டப்பாவை நாமே பிரிப்போம் என்றும் சொல்லுங்கள், முதல்முறை ஆன் செய்யும்போது மொழி கேட்கும் திரையிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு பில். கடைகளில் தரும் வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றே படம் எடுத்து வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். தவணையில் வாங்கியவர்கள் பில்லைத் தொலைத்துவிட்டால் கடன் கொடுத்த கம்பெனியின் தாள்களைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அதில் ஐஎம்இஐ இருக்கும்.

முன்கூட்டியே ஆக்டிவேட் செய்து விற்றதற்குக் கடைக்காரர் இன்றுவரை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரமும் இருக்கிறது. மாமா தாள்களையெல்லாம் ஒரு கவரில் போட்டு என்னிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார். “லோடு குறையட்டும் மாப்ளே, பார்த்துக்கலாம்” என்கிறார்.