முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை: ஏசிக்கு எக்ஸ்டென்ஷன் வயர், சில கோடைகளுக்குப் பிறகு

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பவர் பிளக் முகப்பில் இருக்கும், ஏசி வேண்டிய அறை இரண்டாம் கட்டில் இருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரைக் கொத்திப் புது லைன் இழுக்க யாருக்கும் மனசு வராது. ஏசி கம்பெனிகள் எக்ஸ்டென்ஷன் கூடாது என்றுதான் சொல்கின்றன. ஆனாலும் சித்திரை, வைகாசியில் ஊருக்கு வருகிறவர்கள் வயர் இழுத்துத்தான் ஓட்டுகிறார்கள். அப்படி இழுத்தால் எந்த வயர் தாங்குகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எடுத்துக்கொண்டது 1.5 டன், இன்வெர்ட்டர் இல்லாத சாதா ஏசி, 30 மீட்டர் தூரம். ஓடும்போது அது 8 ஆம்பியர் எடுக்கும். அதை மட்டும் பார்த்தால் ஒன்றரை எம்எம் செப்பு வயரே போதும் என்று தோன்றும், கடையிலும் அதையே எடுத்துக் கொடுப்பார்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில்தான் வயருக்குச் சோதனை. அப்போது கரண்ட் 40 ஆம்பியர் வரை ஏறும். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 30 மீட்டர் வயர் கணக்கில் 60 மீட்டர் ஆகிறது. ஒன்றரை எம்எம்மில் அந்த 60 மீட்டருக்கு 0.8 ஓம். கிளம்பும்போது 32 வோல்ட் வழியிலேயே போய்விடும். சாயங்காலம் முகப்பிலேயே 200 வோல்ட்தான் என்றால் ஏசிக்குக் கிடைப்பது 168. கம்ப்ரஸர் உறுமும், 'டக்' என்று நிற்கும், சில நிமிஷம் கழித்து மறுபடி உறுமும். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து ஆள் கூப்பிடுவார்கள்.

ரெண்டரை எம்எம்மில் அதே இழப்பு 19 வோல்ட், நாலு எம்எம்மில் 12. எங்கள் தீர்ப்பு: 15 மீட்டருக்குள் ரெண்டரை போதும். 30 மீட்டர், சாதா ஏசி, சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெரு என்றால் நாலு. இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகக் கிளம்புவதால் அதற்கு 30 மீட்டருக்கும் ரெண்டரை தாங்கும். டிவிக்கு வாங்கிய முக்கால் எம்எம் பெட்டியை மட்டும் தொடவே கூடாது. அந்த நீளத்தில் ஏசி சும்மா ஓடும்போதே வயருக்குள் 100 வாட் சூடு. சுருட்டி வைத்தாலோ ஜமுக்காளத்துக்கு அடியில் விட்டாலோ அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகும். நல்ல வயரையும் முழுக்கப் பிரித்துத்தான் போட வேண்டும். மிச்சம் பத்து மீட்டர் சுருளாகக் கிடக்கிறதென்றால் வெட்டிவிடுங்கள்.

நாள்பட்ட உபயோகத்தில் கெட்டது பெரும்பாலும் நடு வயர் இல்லை, இரண்டு முனைகள்தான். மெல்லிய செப்பு இழைகளை முறுக்கி ஸ்க்ரூவுக்கு அடியில் திணித்தால், சூடேறி ஆறி ஒரு கோடைக்குள் பிடி தளர்ந்துவிடும். முனைக்கு லக் போட்டு நசுக்கி, அதன் பிறகு முடுக்க வேண்டும். நாலு எம்எம் வயர் சாதா 16 ஆம்பியர் பிளக்கில் ஒழுங்காக உட்காராது. நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக், சாக்கெட் வாங்குங்கள். முகப்பிலும் அதற்கேற்ற சாக்கெட்டை எலெக்ட்ரீஷியன் மாட்ட வேண்டும்.

முனை கெடுகிறதா என்று மீட்டரில் கண்டுபிடிக்கலாம். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது முகப்பு போர்டில் ஒரு அளவு, ஏசிப் பக்கத்துப் பெட்டியின் காலி சாக்கெட்டில் ஓர் அளவு எடுங்கள். ரெண்டரை எம்எம், 30 மீட்டர், 8 ஆம்பியருக்கு வித்தியாசம் நாலு, நாலரை வோல்ட் இருக்க வேண்டும். எட்டு வோல்ட் காட்டினால் மிச்சம் நாலு வோல்ட் ஏதோ ஒரு முனையில் எரிகிறது, அதாவது பிளக்குக்குள் 30 வாட் சூடு. பிளக் பழுப்பேறுவதற்கு முன்பே மீன் கருகுவது போல வாடை வரும். சமையற்கட்டு இரண்டாம் கட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள்!

ஸ்டெபிலைசரை ஏசிப் பக்கமே வையுங்கள். முகப்பில் வைத்தால் அது 230 காட்டும், வயரில் இழந்த வோல்ட்டை ஈடுகட்டாது. வயர் மூன்று கோர் உள்ளதாக இருக்கட்டும், எர்த் இல்லாமல் ஏசி ஓட்டக் கூடாது. வழியில் நிலைப்படியைத் தாண்ட விடாதீர்கள். அந்தத் தேக்குக் கதவின் கனத்துக்கு உறை நசுங்கி உள்ளே இழைகள் அறுந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. கதவுக்கு மேலுள்ள காற்றுச் சந்து வழியாகக் கொண்டுபோகலாம்.

தூரம் 40 மீட்டரைத் தாண்டினாலோ, ஏசி வருஷம் முழுக்க ஓடினாலோ இது சரிவராது. வளவு ஓரமாக விட்டத்தை ஒட்டிப் பிவிசி குழாயில் நாலு எம்எம் தனி லைன், மீட்டர் போர்டில் 20 ஆம்பியர் எம்சிபி. சுவரைக் கொத்தாமலே இழுத்துவிடலாம்.