எக்செலில் வேலை நேரம்: 8.5 என்றா, 8:30 என்றா?

ஒருவர் 5 நாள், தினம் எட்டரை மணி நேரம் வேலை செய்கிறார். மணிக்கு 120 ரூபாய் கூலி.

8.5 என்று தசமத்தில் போட்டால் கூட்டல் 42.5, 120-ஆல் பெருக்கினால் 5100 ரூபாய். கணக்கு சுலபம், ஆனால் பதிவதில்தான் ஆபத்து. எட்டரையை 8.30 என்று அடித்துவிடுவார்கள். அது 8 மணி 18 நிமிடம். வாரக் கூட்டல் 41.5 ஆகி, ஒரு மணி நேரக் கூலி போய்விடும். எக்செல் எச்சரிக்காது.

8:30 என்று அடித்தால் இந்தத் தவறு வராது. ஆனால் கூட்டல் 18:30 என்று காட்டும். எக்செலுக்கு ஒரு நாள் என்பது 1. 42:30 உள்ளே 1.7708 ஆக இருக்கிறது. `h:mm` வடிவம் முழு நாளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. மதிப்பு பத்திரமாகவே இருக்கிறது. Ctrl+1 அழுத்தி, Custom-இல் இதைக் கொடுங்கள்:

```
[h]:mm
```

இப்போது 42:30 தெரியும். கூலிக்கு 24-ஆல் பெருக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 212.50 ரூபாய்தான் வரும்.

```
=SUM(B2:B6)*24*120
```

விடை நேரமாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்தை Number ஆக்குங்கள். பதிவுக்கு 8:30, கூலிக்கு மட்டும் தசமம் என்பதே என் தேர்வு.