கடலை எது, சர்க்கரை எது: ஒரே செய்முறை, நாலு நாட்டுத் தமிழ், நாலு வழி

ஈரோட்டுப் பக்கம் இருக்கும் கவுந்தப்பாடியின் நாட்டுச் சர்க்கரை போட்டுக் கடலை உருண்டை பிடிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினேன். செக்கு வைத்திருக்கும் உறவினர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக எழுதியது. அவரிடம் எண்ணெயும் சர்க்கரையும் வாங்குகிறவர்களுக்கு யாழ்ப்பாணம், மலேசியாவின் கிள்ளான், சிங்கப்பூர் என்று சொந்தபந்தம் உண்டு. ஆகவே கட்டுரை அங்கேயும் போகும் என்பது முதலிலேயே தெரியும்.

எழுதத் தொடங்கும்போதே அவர் கேட்டார்: "ஏனுங்க, கல்லக்கான்னே போட்டா ஆகாதுங்களா? நம்ம பக்கம் அதுதானுங்களே பேச்சு?" எனக்கும் ஆசைதான். ஆனால் மதுரைக்காரருக்கே அது புரியுமா என்பது சந்தேகம். சரி என்று 'கடலை' என்று போட்டேன். கடல் தாண்டியதும் இடித்தது அந்தச் சொல்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார்: "அண்ணை, கடலையை எவ்வளவு நேரம் ஊறப் போடவேணும்?" வறுக்கிற கடலையை எதற்கு ஊற வைக்க வேண்டும் என்று நான் குழம்பினேன். அப்புறம்தான் விளங்கியது. இலங்கையில் கடலை என்றால் நாம் கொண்டைக்கடலை என்கிறோமே, அது. நம்முடைய வேர்க்கடலைக்கு அங்கே கச்சான் என்று பெயர். கோயில் திருவிழாவென்றால் கச்சான் கடை இல்லாமல் இருக்காது.

தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்லே அதிகம் ஏமாற்றுகிறது. 'கல்லக்காய்' என்று போட்டிருந்தால் அந்த அம்மா அங்கேயே நின்று இது என்ன என்று கேட்டிருப்பார். 'கடலை' அவரை நிறுத்தவில்லை. நேராக வேறொரு டப்பாவைத் திறக்க வைத்தது. 'சர்க்கரை'யும் அப்படித்தான். சென்னையில் சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை. யாழ்ப்பாணத்தில் சர்க்கரை என்றால் வெல்ல வகை, வெள்ளையாக இருப்பது சீனி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெள்ளைக்குச் சீனிதான் பெயர். எங்கள் பக்கம் இரண்டையும் சர்க்கரை என்போம் என்பதால் 'நாட்டு' என்றோ 'அஸ்கா' என்றோ சேர்த்துச் சொல்லிப் பிரிப்போம். பாகு காய்ச்சும் செய்முறையில் இந்த மயக்கம் இருந்தால் உருண்டையின் நிறம், ருசி இரண்டும் போச்சு.

இதைச் சரிசெய்ய நாலு வழிகளைப் போட்டுப் பார்த்தேன்.

முதல் வழி, பட்டியல் வைத்துக்கொண்டு கணினியில் ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் கொடுப்பது. கடலை இருக்கும் இடமெல்லாம் கச்சான். ஐந்து நிமிட வேலை என்றுதான் தோன்றும். வந்ததைப் பாருங்கள். 'கடலையை' என்பது 'கச்சான்யை' ஆயிற்று. 'கடலைத் தோல்' என்பது 'கச்சான்த் தோல்' ஆயிற்று. வேற்றுமை உருபும் ஒற்றும் பழைய சொல்லுக்கு ஏற்றபடி நின்றவை, புதுச் சொல்லோடு ஒட்டாது. இவையாவது கண்ணில் பட்டுவிடும். கட்டுரையின் கடைசியில், இதே பாகில் பொட்டுக்கடலை உருண்டையும் பிடிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அது 'பொட்டுக்கச்சான்' ஆகியிருந்தது. கடலைப் பருப்பு, கடலை மாவு எல்லாம் இருக்கிற கட்டுரையாக இருந்தால் இன்னும் மோசம். அவை இரண்டும் நிலக்கடலையில் வருபவையே அல்ல. சீன விக்கிப்பீடியாவில் வட்டாரத்துக்கு ஏற்ப எழுத்தையும் சொல்லையும் தானாக மாற்றிக் காட்டும் வசதி உண்டு. சீனத்தில் சொல்லுக்கு உருபு ஒட்டுவதில்லை. தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் பத்துப் பதினைந்து வடிவங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். சிறு கட்டுரைக்கு இந்தப் பாடு தேவையில்லை, கையாலேயே மாற்றிவிடலாம்.

இரண்டாவது, நாட்டுக்கு ஒரு பிரதி. படிப்பதற்கு இதைப் போலச் சுகமானது இல்லை. தமிழ்நாட்டுப் பிரதியில் ஒரு வரி:

"வேர்க்கடலையை வாணலியில் வறுத்து, ஆறியதும் தேய்த்துத் தோலைப் புடைத்து எடுங்கள்."

அதே வரி இலங்கைக்கு:

"கச்சானைத் தாச்சியில் வறுத்து, ஆறிய பின்னர் தேய்த்துத் தோலைப் புடைத்து எடுங்கள்."

மூன்றே இடம்தான் மாறியிருக்கிறது, ஆனால் இரண்டாவதைப் படிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு அது வீட்டுப் பேச்சு. எழுத்துக்கூட்டலும் சேர்ந்து மாற வேண்டும். நமக்கு லிட்டர், அங்கே லீற்றர். நமக்கு அக்டோபர், அங்கே ஒக்டோபர். நமக்கு பேட்டரி, அங்கே பற்றரி.

சங்கடம் பிறகுதான் வரும். முதலில் கால் கிலோ கடலைக்கு 200 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தேன். இனிப்பு தூக்கலாக இருக்கிறது என்று 180 ஆக்கினேன். தமிழ்நாட்டுப் பிரதியில் திருத்தினேன், சிங்கப்பூருக்கு ஞாபகம் வந்தது, மற்ற இரண்டும் பழையபடியே இருந்தன. அடிக்கடி திருத்தப்படும் கட்டுரைக்கு நாலு பிரதி வைத்துக் கட்டி மேய்க்க முடியாது. இன்னொன்று, இலங்கைப் பிரதியை ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு நானாக எழுதினால் நாடகத்தில் வேற்றூர்ப் பேச்சைப் பேசிக் காட்டுவது போலத்தான் இருக்கும். அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே இந்த வழிக்குப் போவேன்.

மூன்றாவது, எல்லாருக்கும் பொதுவான சொல்லாகத் தேடிப் போடுவது. இது கைகொடுக்கிற இடம் நிறைய. 'நிலக்கடலை' என்றால் யாரும் மாற்றிப் புரிந்துகொள்வதில்லை. நான் வடச்சட்டி என்பேன், இன்னொருவர் வாணலி என்பார், யாழ்ப்பாணத்தில் தாச்சி, மலேசியாவில் பேச்சில் குவாலி. 'இரும்புச் சட்டி' என்றால் முடிந்தது. 'கோப்பையில் தண்ணீர் எடுத்து, அதில் பாகை ஒரு சொட்டு விடுங்கள்' என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கோப்பை என்பது சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. 'கிண்ணம்' என்று மாற்றினேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கான குறிப்பிலும் அதுதான். மலேசியாவில் அதை இனிப்புநீர் என்பார்கள், யாழ்ப்பாணப் பேச்சில் சீனி வருத்தம். அங்கே வருத்தம் என்றால் நோய். 'நீரிழிவு' எல்லாருக்கும் பொது. ஆனால் வரிக்கு வரி பொதுச்சொல்லாகவே போட்டால் சமையலறைப் பேச்சு போய்ப் பாடப்புத்தகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உருண்டை பிடிக்கிற கட்டுரைக்கு அது பெரிய குறை.

நாலாவது, ஒரே கட்டுரையில் முதல் முறை வரும்போது மட்டும் மற்ற நாட்டுச் சொல்லைச் சேர்த்துச் சொல்வது. எல்லாச் சொல்லுக்கும் அடைப்புக்குறி போட்டால் படிக்க முடியாது. ஏமாற்றும் சொற்களுக்கு மட்டும் போட்டால் போதும். கோப்பையை மாற்றிவிட்ட பிறகு இந்தக் கட்டுரையில் அப்படி மிஞ்சியவை இரண்டே இரண்டு.

நான் கடைசியில் எடுத்தது மூன்றும் நாலும் கலந்த வழி. பாத்திரம், நோய் இவற்றுக்குப் பொதுச்சொல். கடலைக்கும் சர்க்கரைக்கும் விளக்கம். எழுத்துக்கூட்டலை என் ஊர்ப்படியே விட்டேன். லிட்டர் என்று எழுதியதால் யாழ்ப்பாணத்தில் யாரும் தடுமாறுவதில்லை, வேற்றூர்க்காரர் எழுதியது என்று மட்டும் தெரியும், தெரியட்டும். பாகு பதத்தில் கை வைக்கவில்லை. தண்ணீரில் விட்ட சொட்டை உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரவேண்டும். அது எந்த நாட்டிலும் ஒரே சத்தம்தான். விலையை மட்டும் நாட்டுவாரியாகப் பிரித்துத் தனித்தனியாக வைத்தேன். சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்பார்கள், கிலோ இத்தனை வெள்ளி என்று படித்தால் இங்கே இருப்பவர் திகைப்பார்.

சோதிக்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். 'புரிகிறதா' என்று கேட்டால், தவறாகப் புரிந்துகொண்டவரும் புரிகிறது என்றுதான் சொல்வார். அதனால் கட்டுரையைக் கொடுத்து, கடைக்குப் போக ஒரு சாமான் பட்டியல் எழுதிக் காட்டச் சொன்னேன். பொருள்கள் பகுதியின் தொடக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

"நிலக்கடலை (இலங்கையில் கச்சான்) 250 கிராம். நாட்டுச் சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் 180 கிராம், வெள்ளைச் சீனி அல்ல."

யாழ்ப்பாணத்து அம்மாவிடமிருந்து திரும்பி வந்த பட்டியலில் இருந்தது: கச்சான் கால் கிலோ, சர்க்கரை 180 கிராம், ஏலக்காய் கொஞ்சம். ஊறப்போடுவது பற்றி இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.