மதிப்புரை ஒன்றுகூட இல்லாத தோசைக்கல்லை விற்பது எப்படி? இரண்டு விவரக்குறிப்புகளும் மூன்று ரிட்டர்ன் விதிகளும்

இணையத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை எடுத்துக்கொள்வோம். விலை 1,200 ரூபாய். அதே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் பழைய கற்களுக்கு நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் இருக்க, இதற்கு ஒன்றுகூட இல்லை. வாங்க வருபவர் மதிப்புரைகளில் தேடுவது பாராட்டுகளை அல்ல. கூரியரில் உடையாமல் வருமா, தோசை ஒட்டுமா, துருப்பிடிக்குமா, ஒரு கையால் தூக்க முடியுமா, நம் வீட்டு அடுப்புக்குப் பொருந்துமா, ஏதாவது ஆகிவிட்டால் பணம் திரும்பி வருமா என்ற ஐந்தாறு கேள்விகளுக்குத்தான் அவர் விடை தேடுகிறார். முன்பே வாங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டிய அந்த விடைகளை, மதிப்புரை இல்லாத காலத்தில் விற்பவரே சொல்லியாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வகை விவரக்குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பாட்டி காலத்துப் பாரம்பரியத் தோசைக்கல். நூறு சதவீதம் இயற்கையானது. ஒட்டவே ஒட்டாது, துருப்பிடிக்காது, தலைமுறை தலைமுறையாக உழைக்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம்பும் தரம்."

இரண்டாவது வகை இப்படி: "வார்ப்பிரும்புத் தோசைக்கல். விட்டம் 30 செ.மீ., தடிமன் 4.5 மி.மீ., எடை ஏறத்தாழ 2.5 கிலோ, மணல் அச்சில் வார்ப்பதால் கல்லுக்குக் கல் 100 கிராம் வரை கூடலாம், குறையலாம். எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கி அனுப்புகிறோம். ஆனாலும் முதல் நான்கைந்து தோசைகள் ஒட்டக்கூடும். ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவினால் சரியாகிவிடும். கேஸ் அடுப்பிலும் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வைக்கலாம். கண்ணாடிப் பரப்பின் மேல் இழுத்தால் கீறல் விழும்."

முதல் விவரக்குறிப்பு பார்வைக்குக் கவர்ச்சியாக இருந்தாலும், அதில் உள்ள எந்த வாக்கியத்தையும் வாங்குபவரால் சரிபார்க்க முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம்புகின்றன என்று மேலே எழுதியிருக்க, மதிப்புரை எதுவும் இல்லை என்று அதன் கீழேயே தெரிகிறது. அந்த ஒரு முரண்பாடு மற்ற எல்லாச் சொற்களின் மீதும் ஐயத்தை வரவழைத்துவிடும். இரும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் 'துருப்பிடிக்காது' என்ற சொல்லைப் பார்த்தவுடனேயே பக்கத்தை மூடிவிடுவார், ஏனெனில் பூச்சு எதுவும் இல்லாத வார்ப்பிரும்பு ஈரம் பட்டால் துருப்பிடிக்கத்தான் செய்யும். தெரியாதவர் நம்பி வாங்குவார், ஒரு வாரத்தில் செந்நிறக் கறையைக் கண்டு முதல் மதிப்புரையை ஒற்றை நட்சத்திரத்தோடு எழுதுவார். புதிய பொருளுக்கு வரும் முதல் மதிப்புரை அதுவானால், அதன் பிறகு வருபவர் கண்ணில் படுவதும் அது மட்டும்தான்.

இரண்டாவது விவரக்குறிப்பில் எண்கள் செய்யும் வேலை கவனிக்கத் தக்கது. 2.5 கிலோ என்று படித்தவுடன், மணிக்கட்டு வலி உள்ளவர் தானாகவே விலகிவிடுகிறார். அது இழந்த விற்பனை அன்று, தவிர்க்கப்பட்ட ரிட்டர்ன். 30 செ.மீ. என்று படித்தவர் தம் வீட்டுக் கல்லை அளந்து பார்க்கிறார். வீட்டில் தராசு உள்ள எவரும் கல்லை நிறுத்துப் பார்த்துவிடலாம் என்பதால், எடையில் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கை மற்ற வாக்கியங்களுக்கும் பரவுகிறது. அந்த எடையோடு 100 கிராம் வரை ஏறி இறங்கலாம் என்ற குறிப்பையும் சேர்த்தால், எழுதியவர் கற்களைக் கையில் எடுத்து நிறுத்தியவர் என்பது தெரிகிறது. எடை காட்டும் தராசின் மீது கல் இருக்கும் படம் ஒன்றை அருகில் வைத்தால், 'உயர்தரம்' என்று பத்து இடத்தில் எழுதுவதைவிடப் பயன் அதிகம்.

ஆனால் இந்த வகையிலும் ஒரு தவறு நேரலாம். குறைகளை மட்டும் வரிசையாக அடுக்கி, 'ஒட்டும், துருப்பிடிக்கும், கனக்கும், கீழே விழுந்தால் உடையும்' என்று நிறுத்திவிட்டால், படிப்பவர் பயந்து ஒட்டாத பூச்சுப் பாத்திரத்துக்கே போய்விடுவார். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்திலேயே, அதே வாக்கியத்திலேயே, அதற்கான தீர்வு நிற்க வேண்டும். துருப்பிடிக்கும் என்பதோடு எப்படிப் போக்குவது என்பதையும், ஒட்டும் என்பதோடு எத்தனை தோசை வரை என்பதையும் சொல்ல வேண்டும். புளி ஊற்றிய பதார்த்தத்தை அதில் கொதிக்கவிட்டால் பழக்கிய மேற்பரப்பு போய்விடும் என்பதைப் போன்ற பராமரிப்புச் செய்திகளை விவரத்தில் திணிக்காமல் பெட்டிக்குள் ஒரு தாளில் வைத்துவிடலாம். வாங்கலாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் அவை தேவைப்படுவதில்லை.

விவரக்குறிப்பின் சொற்கள் வெறும் விளம்பரம் அல்ல என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் அதில் இல்லாவிட்டாலோ, திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. ஆக, 'துருப்பிடிக்காது' என்று எழுதியவர், துருப்பிடித்து வரும் ஒவ்வொரு கல்லையும் திரும்ப வாங்கும் பொறுப்பைத் தம் கையாலேயே எழுதிக்கொள்கிறார். 'ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும்' என்று எழுதியவருக்கு அந்தச் சிக்கல் வெகுவாகக் குறைகிறது. விவரமும் ரிட்டர்ன் விதியும் வெவ்வேறு பக்கங்களில் இருந்தாலும் உண்மையில் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பாதிகள் என்பதால், இரண்டையும் ஒருவரே, ஒரே நேரத்தில் எழுதுவது நல்லது.

இனி ரிட்டர்ன் விதிகளைப் பார்ப்போம். சொந்த இணையதளத்தில் விற்பவருக்கு மூன்று வழிகள் உள்ளன. (பெரிய சந்தைத் தளங்களில் விற்பவருக்கு அந்தத் தளத்தின் விதியே மேலோங்கும், அங்கே விவரக்குறிப்புதான் முழுமையாக அவர் கையில் இருக்கிறது.)

முதலாவது, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்பது. மேலே சொன்ன விதியின்படி, பழுதான பொருளைப் பொறுத்தவரை இந்த வாக்கியம் செல்லாது. மதிப்புரைகள் நிறைந்த ஒரு கடை இப்படி எழுதினால்கூட வாங்குபவர்கள் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் யாரென்றே தெரியாத புதியவர் எழுதினால் 'ஏதோ மறைக்கிறார்' என்றுதான் படும்.

இரண்டாவது, '30 நாள், கேள்வியே கேட்காமல் முழுப் பணம்' என்பது. நம்பிக்கை தருவதில் இதற்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தோசைக்கல்லுக்கு இது தாங்குமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வார்ப்பு, பழக்குதல், பெட்டி எல்லாம் சேர்ந்து 650 ரூபாய், கூரியர் 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,200 ரூபாய் விலையில் மிஞ்சுவது 420 ரூபாய். இருபது நாள் தோசை வார்த்த கல் திரும்பி வந்தால் அதைப் புதியதாக விற்க முடியாது. கல்லின் 650 ரூபாயோடு போக, வரக் கூரியர் 260 ரூபாயும் சேர்ந்து 910 ரூபாய் போய்விடும். ஒரு ரிட்டர்ன் இரண்டு விற்பனையின் லாபத்தையும் தாண்டி விழுங்கிவிடுகிறது. இந்த நெருக்கடியில் விற்பவர் இல்லாத நிபந்தனைகளைப் பிறகு கண்டுபிடிக்கத் தொடங்குவார். கொடுத்த வாக்கை மீறுவதால் வரும் மதிப்புரை, வாக்கே கொடுக்காததால் வருவதைவிடக் கடுமையாக இருக்கும்.

மூன்றாவது, நேரக்கூடிய நிலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுவது. எனக்குச் சரியாகப் படும் வடிவம் ஏறத்தாழ இதுதான்: "உடைந்தோ விரிசலோடோ வந்தால், பெற்ற 10 நாள்களுக்குள் இரண்டு படங்களை அனுப்புங்கள், புதிய கல்லையோ முழுப் பணத்தையோ, நீங்கள் கேட்பதைத் தருவோம், உடைந்த கல்லைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பயன்படுத்தாத கல்லை 10 நாள்களுக்குள் திருப்பித் தரலாம்; திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது. துருப்பிடித்தாலோ ஒட்டினாலோ அழையுங்கள். சரிசெய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறோம். அதன்படி செய்தும் சரியாகாவிட்டால் கல்லை எங்கள் செலவில் எடுத்துக்கொண்டு பணத்தைத் தருகிறோம்."

இதில் 10 நாள் என்பதற்குக் காரணம் உண்டு. வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. கூரியரில் அடிபட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழுந்து, முதல் முறை சூடேற்றும்போதுதான் அது வெளிப்படலாம். 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றும், பெட்டியைப் பிரிக்கும் வீடியோ கட்டாயம் என்றும் எழுதுவோர், இந்தக் குறையுள்ள கல்லை வாங்கியவரை நிராதரவாக விட்டுவிடுகிறார்கள். சட்ட விதியிலும் அப்படியொரு நிபந்தனை இல்லை. அதற்குப் பதிலாக, கல்லைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும், மந்தமாகத் 'தொப்' என்று கேட்டால் விரிசல் இருக்கலாம், எங்களுக்குச் சொல்லுங்கள் என்று எழுதலாம். குறையைக் கண்டுபிடிக்கும் வழியைத் தாமே சொல்லித்தரும் விற்பனையாளரை வாங்குபவர் சந்தேகிப்பதற்கு அதிக இடமில்லை.

உடைந்த கல்லைத் திருப்பிக் கேட்காததும் தாராளத்தால் மட்டும் அல்ல. பழைய இரும்பாகப் போட்டால் கிடைக்கும் தொகை அதைக் கொண்டுவரும் செலவைத் தாண்டாது. படத்தை மட்டும் கேட்டுப் புதியதை அனுப்பினால் ஆகும் செலவு 780 ரூபாய். உடைந்ததையும் எடுத்துவரச் சொன்னால் இன்னொரு 130 ரூபாயும், வாங்கியவருக்கு ஒரு நாள் காத்திருப்பும், எரிச்சலும் சேரும். இதை ஏமாற்றுவதற்குப் பயன்படுத்துவோர் சிலர் இருக்கக்கூடும். ஒரே முகவரியிலிருந்து இரண்டாவது முறை வந்தால் எடுத்துவரச் சொல்வது போதுமான காவல்.

மதிப்புரைகளையே விலைக்கு வாங்குவதும், தாமே வாங்கியவர்போல் எழுதிக்கொள்வதும் சிலர் எடுக்கும் நான்காவது வழி. விற்பவர் நுகர்வோர்போல் நடித்து மதிப்புரை இடுவதை அதே 2020 விதிகள் வெளிப்படையாகத் தடைசெய்கின்றன. எனவே இதை ஒப்பிடத் தக்க ஒரு வழியாகவே நான் கருதவில்லை. உண்மையாக வாங்கியவரிடம், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, 'நிறையோ குறையோ எழுதுங்கள்' என்று கேட்பது வேறு. தோசைக்கல் பழகுவதற்கு அவ்வளவு நாள் தேவைப்படுவதால், வந்த மறுநாளே கேட்பது விற்பவருக்கே பாதகம்.

விதியை எவ்வளவு தெளிவாக எழுதினாலும், அதன் கீழே ஆள் இருப்பது தெரிய வேண்டும். தயாரிப்பவரின் பெயர், முகவரி, அழைக்கும் எண், குறைதீர்க்கும் அலுவலர் யார் என்பவை எப்படியும் சட்டப்படி காட்ட வேண்டியவை. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். இவற்றைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒளித்துவைப்போர் உண்டு. புதிய விற்பனையாளர் அதையே விலைக்கு அடுத்த வரியில், 'காலை 10 முதல் மாலை 6 வரை அழைக்கலாம்' என்று வைப்பது நல்லது. அழைப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று மூன்றாவது முறையும் வந்தால், அதற்கான விடை விவரக்குறிப்பில் இல்லை என்று பொருள். அன்றே அதைச் சேர்த்துவிட வேண்டும். 'குழிவான கல்லா, தட்டையானதா?' என்ற கேள்வியை மேலே உள்ள இரண்டாவது விவரக்குறிப்பும் விட்டுவிட்டது. இண்டக்‌ஷனில் வைப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி.