கல் பாவிய தரையும் செங்கல் சுவரும்: பரலக்ஸ் ஒக்குளூஷன் மப்பிங் பயன்பாட்டு அனுபவம்

யாழ்ப்பாணக் கோட்டையை நினைவூட்டும் ஒரு முப்பரிமாணக் காட்சியில், கல் பாவிய நடைபாதைக்கும் அதன் ஓரத்துச் செங்கல் சுவருக்கும் தட்டையான பரப்புக்கு ஆழத் தோற்றம் தரும் பரலக்ஸ் ஒக்குளூஷன் மப்பிங் முறையையே நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். கோட்டையின் மதில்கள் பெரும்பாலும் பவளக்கல்லால் ஆனவை. செங்கல் சுவர் என் விருப்பத்துக்குச் சேர்த்தது.

இம்முறையில் பரப்பு தட்டையாகவே இருக்கும். கண்ணிலிருந்து வரும் கதிரை ஷேடர் நிரல், மேடுபள்ளங்களைப் பதிந்த உயரப்படத்தினூடாகப் படிப்படியாக இறக்கி, அது எந்தக் கல்லின்மீது முதலில் படுகிறதோ அந்த இடத்து நிறத்தை எடுத்துக் காட்டுகிறது. ஆகவே முன்னால் உள்ள கல் பின்னால் உள்ள இடுக்கை மறைக்கிறது. ஒளி விழும் விதத்தை மட்டும் மாற்றும் வெறும் நோர்மல் மப்பால் இதைச் செய்ய இயலாது.

எனது தரையில் இடுக்கின் ஆழம் 5 செ.மீ., ஒரு கல்லின் அகலம் ஏறத்தாழ 10 செ.மீ., கமராவின் உயரம் 1.6 மீ. 1.6 மீ. தொலைவிலுள்ள தரையைப் பார்க்கும்போது கதிர் பக்கவாட்டில் 5 செ.மீ. மட்டுமே நகர்கிறது, 16 படிகளில் ஒவ்வொன்றும் 3 மி.மீ. அளவுதான் என்பதால் தோற்றம் மிக நன்றாக இருக்கிறது. ஆனால் 10 மீ. தொலைவில் அதே கதிர் 31 செ.மீ., அதாவது மூன்று கற்களைக் கடக்கிறது. ஒவ்வொரு படியும் 2 செ.மீ. ஆகிவிடுவதால், 1 செ.மீ. இடுக்குகளைக் கதிர் தாண்டிச் சென்றுவிட, கற்களின் பக்கங்கள் அடுக்கடுக்காக வெட்டிய தகடுகள்போலத் தெரிகின்றன. கமராவை மெதுவாக அசைத்தால் அத்தகடுகள் நீந்தும். குறையை அறிய இதுவே எளிய வழி. படிகளை 48 ஆக உயர்த்தினால் தகடுகள் மெலியும், ஆயினும் கோணம் இன்னும் சாயும்போது அவை திரும்பவும் தலைகாட்டும், செலவும் ஏறும்.

தொலைவைக் கொண்டு ஆழத்தைக் குறைப்பது தரைக்குப் போதுமானது, சுவருக்குப் போதாது. சுவரை ஒட்டி நடப்பவருக்கு அது மிக அருகிலேயே சாய்வாகத் தெரியும். ஆகையால் கோணத்தையே அளவுகோலாகக் கொண்டேன்:

```glsl
float k = smoothstep(0.1, 0.3, v.z);
vec2 P = v.xy / v.z * scale * k;
```

இங்கு `v` என்பது பரப்பின் தொடுவெளியில் கண்ணை நோக்கிய அலகுத் திசையன்; அதன் `z` பரப்புக்குச் செங்குத்தான கூறு. `scale` என்பது ஆழத்தின் அளவு, `P` என்பது கதிரின் மொத்தப் பக்கவாட்டு நகர்வு. பரப்பிலிருந்து ஏறத்தாழ 17 பாகைக்கு மேல் முழு ஆழமும் கிடைக்கும். 6 பாகைக்குக் கீழே நோர்மல் மப் மட்டுமே எஞ்சும். அதன் விலையாகத் தொலைதூரக் கற்கள் ஒன்றையொன்று மறைக்காமல் தட்டையாகிவிடுகின்றன. நீந்தும் தகடுகளைவிட அது எனக்கு ஏற்புடையது. 1 செ.மீ. மட்டுமே உள்வாங்கிய சாந்துக் கோடுகளுள்ள செங்கல்லில் இந்த இழப்பு கண்ணில் படுவதேயில்லை.

தீராத குறை விளிம்புக்கோடு. சுவர் முடியும் மூலையில் எவ்வளவு ஆழம் கொடுத்தாலும் ஓரம் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராகவே நிற்கும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட மூலைகளில் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய மூலைகளுக்கும் படிக்கட்டின் ஓரங்களுக்கும் மட்டும் கற்களை உண்மையான மெஷ்ஷாகவே செய்து வைக்கிறேன்.