டிரைவரின் திரையில் தெரிவது எந்த எண்? நிஜ எண், முகமூடி எண், ஆப் அழைப்பு: ஓர் ஒப்பீடு

வண்டியோ பார்சலோ, கொண்டுவருகிறவரும் காத்திருக்கிறவரும் பேசிக்கொள்வது ஓரிரு நிமிடம்தான். "கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்", "பின்பக்கமாக வாங்க", அவ்வளவே. இந்தச் சின்னப் பேச்சை நடத்திவைக்க நிறுவனங்களிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. உங்கள் நிஜ எண்ணையே டிரைவருக்குக் காட்டிவிடலாம். நடுவில் ஒரு முகமூடி எண்ணை வைக்கலாம். அல்லது எண்ணே இல்லாமல், ஆப்புக்குள்ளேயே இணையம் வழியாகப் பேசவைக்கலாம்.

முதல் வழியைக் குறை சொல்ல தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. எந்தப் போனிலிருந்தும் போகும், டேட்டா வேண்டாம், அழைப்பு பாதியில் தொலைவதும் குறைவு. சிக்கல் பேச்சு முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பயணம் முடிந்தாலும் எண் அவருடைய போனில் கிடக்கிறது. அதைச் சேமித்தால் மெசேஜிங் ஆப்பில் உங்கள் பெயரும் படமும் வந்து நிற்கலாம். இறங்கிய இடம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம். வங்கி முதல் மின்னஞ்சல் வரை எல்லாவற்றோடும் கட்டிவைத்திருக்கும் எண்ணை அப்படிச் சட்டென்று மாற்ற முடியுமா? பெரும்பாலான டிரைவர்கள் நம் எண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம். ஆனால் சண்டை வந்த அந்த ஒரு பயணத்துக்கு அடுத்த நாள் வரும் அழைப்புதான் கவலை.

இரண்டாவது வழியைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலர் நினைப்பதுபோல, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புது எண் வாங்கித் தருவதில்லை. நிறுவனத்திடம் ஓர் எண் தொகுப்பு இருக்கும். நீங்கள் அதில் ஒன்றை அழைத்தால், சர்வர் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: யார் அழைக்கிறார், எந்த எண்ணை அழைத்தார். இந்த ஜோடியை வைத்து, இப்போது நடக்கும் பயணத்தைத் தேடி, மறுமுனைக்கு இன்னொரு அழைப்பைப் போட்டு, இரண்டையும் இணைத்துவிடும். டிரைவரின் திரையில் தெரிவது முகமூடி எண்தான். அவர் அதே எண்ணைத் திருப்பி அழைத்தால் உங்களிடம் வரும்.

ஓர் உதாரணம். கவிதா வண்டிக்குக் காத்திருக்கிறார், டிரைவர் முருகன். இருவருக்கும் நடுவே தொகுப்பிலிருந்து முதல் எண் வைக்கப்படுகிறது. அதே நேரத்தில் வேறொரு மூலையில் ராஜாவும் அவருடைய டிரைவர் செல்வமும் பேச வேண்டும். அவர்களுக்கும் அதே முதல் எண்ணையே கொடுக்கலாம். கவிதா அழைத்தால் முருகனுக்கு, ராஜா அழைத்தால் செல்வத்துக்கு, குழப்பமே இல்லை. ஆனால் கவிதா அதே நிறுவனத்தில் இன்னொரு பார்சலையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால்? முதல் எண்ணை அவர் அழைக்கும்போது முருகனா, பார்சல்காரரா என்று சர்வரால் சொல்ல முடியாது. எனவே பார்சலுக்கு இரண்டாவது எண். ஆக, தொகுப்பில் எத்தனை எண் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பயணங்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே ஆள் ஒரே சமயத்தில் எத்தனை பேரோடு பேச வேண்டியிருக்கிறது என்பதுதான். ஆயிரக்கணக்கான ஜோடிகள் ஒரு சிறு தொகுப்பைப் பகிர்ந்துகொள்வது இப்படித்தான்.

பாதுகாப்பும் இதற்குள்ளேயே இருக்கிறது. பயணம் முடிந்து கொஞ்ச நேரத்தில் சர்வர் அந்த ஜோடியை அழித்துவிடும். அதற்குப் பிறகு முருகன் அந்த எண்ணை எத்தனை முறை அழைத்தாலும் கவிதாவுக்குப் போகாது. "தற்போது பயணம் எதுவும் இல்லை" என்பதுபோல ஒரு பதிவுக் குரல் வரலாம், அல்லது அப்போது அவர் ஏற்றிக்கொண்டிருக்கும் வேறு பயணிக்குப் போகலாம். சேமித்துவைத்து பிரயோஜனம் இல்லாத எண் அது. வண்டியில் குடையை விட்டுவிட்டு மறுநாள் பழைய எண்ணை அழைப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். ஆப்பில் தொலைந்த பொருளுக்கான பகுதி இருந்தால், அங்கிருந்து போனால் புது இணைப்பு கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதே இடத்தில்தான். யார் அழைக்கிறார் என்பதை வைத்தே எல்லாம் நடப்பதால், பதிவு செய்யாத எண்ணிலிருந்து அழைத்தால் கதவு திறக்காது. எனக்கே ஒருமுறை நடந்தது. போனில் இரண்டு சிம். ஆப்பில் பதிந்திருந்தது ஒன்று, அழைப்பு போனது இன்னொன்றிலிருந்து. டிரைவர் கண்ணெதிரே தெருமுனையில் நிற்கிறார், எனக்குப் பதிவுக் குரல் மட்டும் கேட்கிறது. கை ஆட்டித்தான் கூப்பிட்டேன். உங்கள் கணக்கில் அம்மாவுக்காக ஆர்டர் போட்டுவிட்டு, எண்ணை அவரிடம் படித்துக் காட்டி "நீயே பேசிக்கோ" என்றாலும் இதே கதைதான்.

இதைச் சமாளிக்கச் சிலர் பின் எண் கேட்கிறார்கள்: அழைத்ததும் ஆப்பில் தெரியும் சில இலக்கங்களை அமுக்கினால் சரியான ஆளுக்கு இணைப்பு போகும். எந்தப் போனிலிருந்தும் வேலை செய்யும். ஆனால் மழையில், கையில் பையோடு நிற்பவருக்கு அது ஒரு தொல்லை. இன்னொரு மாற்று, நீங்கள் ஆப்பில் பட்டனை அழுத்தினால் சர்வரே இரு பக்கமும் அழைத்து இணைப்பது. சிம் குழப்பம் போய்விடும், ஆனால் ஆப் கையில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது வழியான ஆப் அழைப்பில் மறைக்கவே ஒன்றுமில்லை, ஏனென்றால் எண்ணே நடுவில் வருவதில்லை. காகிதத்தில் இதுதான் மிகப் பாதுகாப்பானது. நடைமுறையில், லிஃப்டுக்குள்ளும் தரையடி வாகன நிறுத்தத்திலும் டேட்டா போய்விடும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் போன் ஆப்பைத் தூங்கவைத்துவிட்டால் மணியே அடிக்காது. சாதாரண சிக்னல் மட்டும் மிஞ்சும் இடத்தில் கைகொடுப்பது முகமூடி எண்தான். என் தேர்வும் அதுவே: முதலில் ஆப்பில் செய்தி, பதில் இல்லையென்றால் முகமூடி எண். நிஜ எண்ணைக் காட்டும் சேவை என்றால், கூடியவரை செய்தியோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆனால் முகமூடி எண்ணைத் தாண்டி நிஜ எண் வெளியேறும் வழிகளும் இருக்கின்றன, அவற்றைத் திறப்பது பெரும்பாலும் நாமே. "லொகேஷன் அனுப்புங்க, உங்க நம்பர் சொல்லுங்க" என்பார் டிரைவர், நாமும் சொல்லிவிடுவோம். வாடகையை அவருடைய சொந்தக் கணக்குக்குப் போன் எண் வழியாக அனுப்பினால், ரசீதில் நம் பெயரோ எண்ணோ போய்ச் சேரலாம். பார்சல் உறையில் எண் அச்சிடப்பட்டிருந்தால் ஆப்பில் மறைத்து என்ன பயன்? அப்புறம், நிறுவனத்துக்கு இரு எண்களும் தெரியும். யார், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்பதும் அங்கே பதிவாகும். மறைப்பு டிரைவருக்கும் உங்களுக்கும் நடுவில் மட்டும்தான்.

உங்கள் சேவை எந்த ரகம் என்று பார்க்க, அடுத்த பயணத்தில் ஆப் காட்டும் எண்ணை வீட்டிலிருக்கும் இன்னொரு போனிலிருந்து அழையுங்கள். நேராக டிரைவருக்கு மணி அடித்தால் அது அநேகமாக அவருடைய நிஜ எண். பதிவுக் குரலோ பின் எண் கேள்வியோ வந்தால் முகமூடி. ஆனால் இது அவர் எண் மறைந்திருப்பதை மட்டுமே காட்டும். ஒரு பக்கம் மட்டும் மறைக்கும் ஏற்பாடும் சாத்தியம். உங்கள் எண்ணின் கதி தெரிய வேண்டுமென்றால், வண்டியில் ஏறியதும் கேளுங்கள்: "அண்ணா, நான் இப்ப கூப்பிட்டப்போ உங்க போன்ல என்ன நம்பர் வந்துச்சு?"